அட்வான்ஸ் பணமும் அறையின் போட்டோக்களும்

சென்ற ஆண்டு, 2025 ஜூன் 4 அன்று இரவு என் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. சென்னைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். முதல் ஆண்டு முழுவதும் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில், இருவர் தங்கும் அறையில் இருந்தாள். மே 31 அன்று காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். அட்வான்ஸ் 15,000 ரூபாய் திரும்ப வர வேண்டும். அந்தப் பணத்தில்தான் கல்லூரிக்குப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்த வேறு விடுதிக்கு 10,000 ரூபாய் கட்டுவதாக ஏற்பாடு. கட்டக் கடைசி நாள் ஜூன் 20.

"மாமா, மேடம் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பியிருக்காங்க. 5,500 தான் தருவாங்களாம். அதுவும் ஓகேன்னு சொன்னா நாளைக்கே ஜிபே பண்றேன்னு சொல்றாங்க" என்றாள்.

கணக்கை எனக்கு அனுப்பச் சொன்னேன். பராமரிப்புக் கட்டணம் 1,000. சுவருக்குப் பெயிண்ட் 4,000. அலமாரிக் கதவு 1,800. மின்விசிறி ரெகுலேட்டர் 1,200. மெத்தை 1,500. மொத்தம் 9,500 ரூபாய் கழிவு.

"நீ ஓகே சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

நல்ல வேளை. "ஓகே" என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால், கணக்கு முடிந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். பிறகு எந்தப் போட்டோவைக் காட்டியும் பெரிய பயன் இருந்திருக்காது. இது போன்ற நிலையில் இருக்கும் மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். உடனே பதில் எழுதாதீர்கள். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மேடம்" என்பது போதும்.

அடுத்து அவளிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தோம். காலி செய்த நாளில் நான் போனில் சொன்னபடி போட்டோ எடுத்திருந்தாள். ஆனால் காலி செய்யும் நாளின் போட்டோ பாதிக் கதையைத்தான் சொல்லும். சுவரில் ஈரக் கறை இருக்கிறது என்று அந்தப் போட்டோ காட்டும். அந்தக் கறை யார் வருவதற்கு முன்பே இருந்தது என்பதைக் காட்டாது. அதற்கு முதல் நாள் போட்டோ வேண்டும்.

"முதல் நாள் ஏதாவது எடுத்தியா?"

"அம்மாவுக்கு ரூமைக் காட்டறதுக்கு ஒரு ஏழு போட்டோ எடுத்து அனுப்பினேன் மாமா. ஆனா அந்த போனை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேனே!"

அக்காவின் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, 2024 ஜூலை 14 வரை மேலே சென்று பார்த்தார்கள். ஏழு போட்டோக்களும் இருந்தன. ஒன்றில், ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் ஊறிய கறை. இன்னொன்றில், அலமாரிக் கதவின் கீழ்க் கீல் கழன்று கதவு சாய்ந்து நிற்கிறது. "இதையெல்லாம் பாரு, ஓனர்கிட்ட சொல்லி சரி பண்ணச் சொல்லு" என்று அக்கா அன்றே பதிலும் எழுதியிருக்கிறார். இவள் சொல்லவில்லை. புது இடத்தில் முதல் நாளே குறை சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்!

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். போன் கேமராவில் ஒரு போட்டோ எடுக்கும்போது, படத்துடன் சேர்த்துச் சில தகவல்களும் அதே பைலுக்குள் எழுதப்படுகின்றன. எடுத்த தேதி, நேரம், போனின் மாடல், லொகேஷன் வசதி இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடம் ஆகியவை அவற்றில் அடங்கும். இந்தத் தகவல் தொகுப்பினை எக்ஸிஃப் டேட்டா என்று அழைக்கிறார்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால், அது படத்தின் அளவைச் சுருக்குவதோடு இந்தத் தகவல்களையும் நீக்கிவிடுகிறது. நமக்கு வந்து சேரும் பைலின் பெயர் IMG-20240714-WA0009.jpg என்பது போல இருக்கும். பெயரில் உள்ள அந்தத் தேதி வாட்ஸ்அப் கொடுத்தது. படம் எடுத்த தேதி அல்ல. பழைய போட்டோ ஒன்றை இன்று அனுப்பினாலும் இன்றைய தேதியில்தான் பெயர் கிடைக்கும்.

எனவே அக்காவின் போனில் இருந்தவை பயனுள்ளவைதான், ஆனால் நகல்கள். மூலப் பைல் எங்கே? பழைய போன் போய்விட்டது. அதில் இருந்த ஜிமெயில் அக்கவுண்ட்தான் புதிய போனிலும் இருக்கிறது என்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது. கம்ப்யூட்டரில் photos.google.com தளத்தைத் திறந்து, அதே அக்கவுண்ட்டில் நுழையச் சொன்னேன். ஜூலை 2024 வரை இறங்கிச் சென்றால், அறையின் ஏழு போட்டோக்களும் வரிசையாக இருந்தன. பேக்கப் வசதி இயக்கத்தில் இருந்திருக்கிறது. அது இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ஏழையும் தேர்ந்தெடுத்து Shift + D அழுத்தினால் அவை ஒரு ஸிப் பைலாக டவுன்லோட் ஆகும். விரித்துப் பார்த்தவள் மறுபடி போன் செய்தாள். "மாமா, எல்லாத்துலயும் இன்னைக்குத் தேதி காட்டுது! ஒரு வருஷம் முன்னாடி எடுத்ததுன்னு எப்படி நம்புவாங்க?"

பலரும் பயப்படுகிற இடம் இது. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் சாதாரணமாகத் தெரியும் Date modified, Date created ஆகியவை அந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பைல் எப்போது எழுதப்பட்டது என்பதைக் காட்டுபவை. காப்பி செய்தால், டவுன்லோட் செய்தால், விரித்தால் அவை மாறக்கூடும். நமக்கு வேண்டியது Date taken. போட்டோ பைல் மீது ரைட் கிளிக் செய்து Properties தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் Details டேபினைக் கிளிக் செய்திடவும். அங்கே Date taken என்ற வரியில் கேமரா எழுதிய தேதி இருக்கும். கீழே போனின் மாடல் பெயரையும் காணலாம். அவள் பார்த்தாள். 14-07-2024, மாலை 4.52. பழைய போனின் மாடல் பெயரும் இருந்தது. ஒப்பிடுவதற்காக, அக்காவின் போனிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் நகலையும் இதே வழியில் திறக்கச் சொன்னேன். Date taken வரி காலியாக இருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த எக்ஸிஃப் தேதியை மாற்றுவதற்கு இலவச சாப்ட்வேர்களே இருக்கின்றன. ஏன், விண்டோஸின் அதே Details டேபிலேயே Date taken மீது கிளிக் செய்து வேறு தேதியை எழுதிவிடலாம். எனவே அது மட்டுமே அசைக்க முடியாத ஆதாரம் ஆகிவிடாது. நம் கதையில் வலு எங்கே இருக்கிறது என்றால், ஒரே படம் இரண்டு வழிகளில் ஒரே நாளைச் சொல்கிறது. மூலப் பைலில் கேமரா எழுதிய தேதி. அதே நாள் மாலை 5.10க்கு அக்காவின் போனுக்கு வந்த செய்தியும் அதற்கு அக்கா எழுதிய பதிலும். இந்த இரண்டையும் ஒரு கல்லூரி மாணவி ஜோடித்தாள் என்று யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

இனி காலி செய்த நாளின் போட்டோக்கள். அன்று நான் அவளுக்குச் சொன்னது இதுதான். பெட்டிகளை எல்லாம் வெளியே வைத்து, பெருக்கித் துடைத்த பிறகு எடு. விளக்கைப் போடு, ஜன்னலைத் திற. முதலில் கதவருகே நின்று அறை முழுவதும் தெரியும்படி ஒன்று. அங்கிருந்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு சுவரும். பிறகு அலமாரி, கட்டில், மேஜை, குளியலறைக் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. பக்கத்தில் எடுத்த படத்தை மட்டும் பார்த்தால் அது எந்தச் சுவர், எந்த அலமாரி என்று தெரியாது. மின்விசிறி, விளக்கு, கீசர் போன்றவை வேலை செய்கின்றன என்பதைப் போட்டோ காட்டாது. அதற்கு வீடியோ வேண்டும். ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்து வரை திருப்பி, ஒவ்வொரு முறையும் கேமராவை மேலே விசிறி பக்கம் உயர்த்தி 40 வினாடி வீடியோ எடுத்திருந்தாள். 1,200 ரூபாயைக் காப்பாற்றியது அந்த 40 வினாடிதான்.

அறைத் தோழியின் கட்டில் பக்கம் கேமரா போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவளுடைய துணிகளும் பொருள்களும் நாம் யாருக்கோ அனுப்பும் படத்தில் இருக்கக் கூடாது அல்லவா? கடைசியாக, சாவியைக் கொடுக்கும்போது "206ஆம் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டேன் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள். எதிர்முனையிலிருந்து ஒரு கும்பிடு எமோஜி வந்தது. அதுவும் ஒரு ரசீதுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. மெத்தை. முதல் நாள் போட்டோவில் மெத்தை மீது விரிப்பு இருக்கிறது. விரிப்பைத் தூக்கி யாரும் எடுக்கவில்லை. கடைசி நாள் போட்டோவில் தலைப்பக்கம் மஞ்சளாக ஒரு கறை தெரிகிறது. அது இவளுடையதா, இவளுக்கு முன்பு இருந்தவருடையதா என்று இவளுக்கே தெரியவில்லை. சுவரிலும் ஒரு சிறிய விஷயம். துணி மாட்டுவதற்கு ஒட்டும் கொக்கிகள் இரண்டு ஒட்டியிருக்கிறாள். கழற்றும்போது பெயிண்ட் உரிந்துவிட்டது. முதல் நாள் போட்டோவில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. போட்டோ நமக்காக மட்டும் பேசாது. நமக்கு எதிராகவும் பேசும்.

படங்களைத் தயார் செய்வதற்கு முன் ஒரு வேலை செய்தோம். Originals என்று ஒரு போல்டர் உருவாக்கி, மூலப் பைல்களை அதில் போட்டு, பென் டிரைவ் ஒன்றிலும் காப்பி எடுத்து வைத்தோம். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, மேலே அம்புக்குறி போடுவது எல்லாம் இன்னொரு போல்டரில் உள்ள நகல்களில்தான். விண்டோஸில் படத்தை நிமிர்த்துவதற்காக Rotate கொடுத்தாலே பைல் மாறிவிடும். பெயரை மாற்றுவதால் மட்டும் உள்ளே எதுவும் மாறாது. எனவே 01-suvar-2024.jpg, 02-suvar-2025.jpg, 03-alamari-2024.jpg, 04-alamari-2025.jpg என்று வரிசையாகப் பெயர் கொடுத்தோம். IMG என்று தொடங்கும் நீண்ட எண்களைக் கடிதத்தில் எழுதினால் படிப்பவர் தேடிச் சலித்துப் போவார்.

பின்னர் வேர்ட் தொகுப்பில் இரண்டு நெட்டு வரிசைகள் கொண்ட டேபிள் ஒன்றை உருவாக்கினோம். இடது பக்கம் முதல் நாள் படம், வலது பக்கம் அதே இடத்தின் கடைசி நாள் படம். ஒவ்வொன்றின் கீழும் தேதி, நேரம், பைல் எண். படங்களை இணைத்தவுடன் டாகுமெண்ட் 40 எம்.பி.க்கு மேல் போய்விட்டது. ஏதேனும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, Picture Format டேபில் Compress Pictures கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் Apply only to this picture என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு, Web (150 ppi) தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் சுருங்கிவிடும். அதன் பின் Save As மூலம் பி.டி.எப். ஆக மாற்றினோம். 3 எம்.பி. அளவில் மூன்று பக்கங்கள் கிடைத்தன. இந்த பி.டி.எப்.-க்குள் போன படங்களில் எக்ஸிஃப் தகவலை எதிர்பார்க்கக் கூடாது. பி.டி.எப். என்பது அவர் கண்ணால் பார்ப்பதற்கு. மூலப் பைல்கள் சந்தேகம் வந்தால் சோதிப்பதற்கு. இரண்டும் வேண்டும்.

இனி கடிதம். முதலில் நான் ஒன்று எழுதினேன். இரண்டு பக்கம். சட்டம், நுகர்வோர் ஆணையம், மன உளைச்சல் எல்லாம் இருந்தது. அக்கா மகள் படித்துவிட்டு, "மாமா, இது நான் எழுதின மாதிரியே இல்ல. மேடம் இதைப் பார்த்தா கோபம்தான் படுவாங்க. எனக்கு ஜுரம் வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தவங்க அவங்க" என்றாள். அவள் சொன்னது சரி. என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளையே எழுதச் சொன்னேன். அங்கங்கே தேதியையும் தொகையையும் சரிபார்த்தது மட்டும்தான் என் வேலை. அவள் எழுதியது இது.

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விடுதியில் 206ஆம் எண் அறையில் 2024 ஜூலை 14 முதல் 2025 மே 31 வரை தங்கியிருந்தேன். சேரும்போது 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன். காலி செய்வதை ஏப்ரல் 28 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். மே மாத வாடகை வரை பாக்கி எதுவும் இல்லை. மே 31 அன்று சாவியை ஒப்படைத்தேன்.

ஜூன் 4 அன்று தாங்கள் அனுப்பிய கணக்கில் 9,500 ரூபாய் கழித்து 5,500 ரூபாய் தருவதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். அதைப் பற்றி என் விளக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பராமரிப்புக் கட்டணம் 1,000 ரூபாய் ரசீதின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ளது. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

சுவர்: ஜன்னலுக்குக் கீழே உள்ள ஈரக் கறை நான் சேர்ந்த அன்றே இருந்தது. படம் 01, அன்று மாலை 4.52க்கு எடுத்தது. படம் 02 அதே இடம், காலி செய்த அன்று. ஆனால் கதவின் பின்புறம் நான் ஒட்டிய இரண்டு கொக்கிகளால் பெயிண்ட் உரிந்துள்ளது. அது என் தவறு. அதற்காக 500 ரூபாய் கழித்துக்கொள்ளுங்கள். மீதி 3,500 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அலமாரி: கதவின் கீழ்க் கீல் நான் சேர்ந்த அன்றே கழன்றிருந்தது. படம் 03, படம் 04 பார்க்கவும். அப்போதே தங்களிடம் சொல்லாதது என் தவறு. ஆனால் அதை நான் உடைக்கவில்லை. 1,800 ரூபாயைக் கழிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ரெகுலேட்டர்: காலி செய்த அன்று ஐந்து நிலைகளிலும் வேலை செய்தது. வீடியோவின் லிங்க் கீழே உள்ளது. 1,200 ரூபாயைக் கழிக்க வேண்டாம்.

மெத்தை: நான் சேர்ந்தபோது மெத்தை எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் படம் இல்லை. சுத்தம் செய்த செலவுக்கான பில் அனுப்பினால், 1,500 ரூபாய்க்குள் எவ்வளவோ அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆகவே 1,500 ரூபாயை ஏற்றுக்கொண்டு, மெத்தைக்கான 1,500 ரூபாயைப் பில் வரும் வரை தங்களிடமே நிறுத்தி வைத்து, மீதி 12,000 ரூபாயை ஜூன் 20ஆம் தேதிக்குள் கீழே உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆண்டு தங்கும் இடத்துக்குக் கட்ட வேண்டியுள்ளது.

படங்களின் மூலப் பைல்கள் என்னிடம் உள்ளன. தேவைப்பட்டால் நேரில் வந்து காட்டுகிறேன்.

தங்கள் விடுதியில் என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.

இவ்வளவுதான் கடிதம். கீழே பெயர், போன் எண், வங்கிக் கணக்கு விவரம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, அவள் அவருடைய கணக்கை வரிசை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். படிப்பவர் தன் பட்டியலை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துப் பார்க்கலாம். "அநியாயமாகக் கழித்துள்ளீர்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தால், அவரும் பொதுவாக மறுத்துவிடுவார். கொக்கி விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். அவர்தான் அதைக் குறிப்பிடவே இல்லையே! "கதவைச் சாத்தினா தெரியும் மாமா. அவங்க பார்த்திருப்பாங்க" என்றாள். எழுதியது எவ்வளவு நல்லது என்று பின்னால் தெரிந்தது.

அனுப்பும் வேலை பாக்கி. ரசீதில் மெயில் முகவரி இருந்தது. ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் பைல்களை இணைக்க முடியும். அதற்கு மேல் போனால் கூகுள் டிரைவ் லிங்க் ஆக மாறிவிடும். எனவே கடிதத்தையும் பி.டி.எப்.-ஐயும் ரசீது நகலையும் மூலப் படங்களில் முக்கியமான நான்கையும் இணைத்தோம். 17 எம்.பி. வந்தது. வீடியோ மட்டும் 80 எம்.பி.க்கு மேல் இருந்ததால் அதை டிரைவில் ஏற்றி லிங்க் தந்தோம். இங்கே ஒரு தவறு பலருக்கு நேர்கிறது. லிங்க்கைக் காப்பி செய்து அனுப்பிவிடுவார்கள். மறுமுனையில் திறந்தால் அனுமதி கேட்கும். Share விண்டோவில் General access என்ற இடத்தில் Restricted என்பதை Anyone with the link என்று மாற்றி, உரிமையை Viewer என்று வைக்க வேண்டும். அனுப்பும் முன் வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிடுங்கள். நாங்கள் அக்காவின் போனில் பார்த்தோம்.

மெயில் பார்க்கும் பழக்கம் விடுதி நடத்துபவர் எல்லோருக்கும் இருக்காது. எனவே கடிதத்தையும் பி.டி.எப்.-ஐயும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினாள். மூலப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால், இணைப்பு ஐகானை அழுத்தி கேலரி வழியாகப் போகாமல் Document தேர்ந்தெடுத்து அனுப்பவும். அப்போது பைல் சுருங்காமல், உள்ளே உள்ள தகவல்களுடன் அப்படியே போய்ச் சேரும். ஒரு எச்சரிக்கை. மூலப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். விடுதி அறையின் படத்தில் அது இருந்தால் நமக்கு நல்லதுதான். அதே பழக்கத்தில் உங்கள் வீட்டில் எடுத்த படங்களை முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி அனுப்ப வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு அன்று அனுப்பினோம். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளில் நான் இன்னொரு வேலையையும் செய்து வைத்தேன். விவகாரம் முற்றினால், இந்தப் பைல்கள் அனுப்பிய பிறகு மாற்றப்படவில்லை என்று காட்ட வேண்டிவரும். அதற்கு ஒவ்வொரு பைலுக்கும் ஹாஷ் மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிட்டுக் குறித்து வைக்கலாம். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். இதற்கு விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. படங்கள் உள்ள போல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து,

```
certutil -hashfile 01-suvar-2024.jpg SHA256
```

என டைப் செய்து எண்டர் தட்டவும். 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி கிடைக்கும். அதைக் காப்பி செய்து, நமக்கு நாமே ஒரு மெயில் அனுப்பிவைத்துக்கொண்டால் தேதியுடன் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது ஒரு சான்றும் தர வேண்டும். அந்தச் சான்றின் படிவத்தில் ஹாஷ் மதிப்பை எழுதுவதற்கு இடம் இருக்கிறது. 12,000 ரூபாய்க்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். ஐந்து நிமிட வேலைதான். பின்னால் செய்ய நினைத்தால் அதற்கு மதிப்புக் குறைவு.

பணமே வராமல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தருவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு வார்த்தையைக் கூட அந்த முதல் கடிதத்தில் எழுதவில்லை. தேவைப்பட்டால் இரண்டாவது கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 11 மாலை அவரே அக்கா மகளுக்குப் போன் செய்தார். பேசியதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள். "ஏம்மா, கீல் போனதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஆசாரியைக் கூப்பிட்டிருப்பேன்ல? உனக்கு முன்னாடி இருந்த பொண்ணுகிட்டயே பிடிச்சிருப்பேன்" என்றாராம். கணக்குப் போட்டது அவர் அல்ல, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். அறை காலியானதும் உள்ளே போய், கண்ணில் பட்ட குறைகளை எல்லாம் கடைசியாக இருந்தவர் பேரில் எழுதிவிட்டார். முதல் நாள் அறை எப்படி இருந்தது என்ற பதிவு அவர்களிடமும் இல்லை.

ரெகுலேட்டர் விஷயத்தில் மட்டும் அவர் சற்று இழுத்தார். மாற்றியது உண்மை, எலெக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்தது உண்மை என்றார். "வீடியோவைப் பாத்தீங்களா மேடம்?" என்று இவள் கேட்க, லிங்க்கைத் திறக்கத் தெரியவில்லை என்றாராம். போனில் இருந்தபடியே திறக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "பக்கத்து ரூமுக்கு மாத்தினதை இதுல எழுதிட்டானோ என்னமோ" என்று முடித்துக்கொண்டார். கொக்கிக்கு 500 ரூபாய் என்று இவளாக எழுதியதைப் பற்றி இரண்டு முறை சொன்னாராம். அதைப் படித்த பிறகுதான் மற்ற படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றியது என்று.

ஜூன் 13 அன்று 8,000 ரூபாய் வந்தது. புது விடுதிக்கு உடனே 8,000 கட்டி, மீதி 2,000த்துக்கு ஒரு வாரம் தவணை கேட்டார்கள். ஜூன் 20 காலையில் 4,000 ரூபாய் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும், "12,000 ரூபாயில் 8,000 கிடைத்தது, மீதி 4,000", "4,000 கிடைத்தது, மெத்தை பில் மட்டும் பாக்கி" என்று பதில் எழுதினாள். மெத்தைக்கான பில் இன்று வரை வரவில்லை. 1,500 ரூபாயும் வரவில்லை. ஒரு முறை நினைவூட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு கும்பிடு எமோஜிதான் வந்தது.